சின்ன விசேஷ கேட்டரிங்குக்கு மெனு கரோசல்: பிளேட் ரேட்டும் குறைஞ்சபட்ச ஆளும் குழப்பமில்லாம தெரிய என்ன பண்ணணும்

கேட்டரிங் பண்றவங்க இன்ஸ்டாகிராம்ல போடுற கரோசல்ல, அதாவது ஒண்ணொண்ணா தள்ளி பாக்குற பல படம் இருக்குற போஸ்ட்ல, அடிக்கடி பாக்குற கவர் ஸ்லைடு இது: நல்ல சாப்பாட்டு போட்டோ, மேல பெருசா "பிளேட் 210 முதல்", கீழ சின்னதா "30 பேர் முதல் ஆர்டர் எடுக்கிறோம்". ரெண்டு வரியும் தனித்தனியா பாத்தா உண்மைதான், ஆனா சேர்த்து படிக்கிறவங்க மனசுல 30 பெருக்கல் 210, 6,300னு ஒரு கணக்கு உடனே ஓடிடும், அந்த ரேட்டுக்கு அந்த கடையில ஆர்டரே கிடையாது. ஏன்னா 210ங்கிறது 75 பேர்ல இருந்து கிடைக்குற ரேட், 30 பேருக்கு 250. போன்ல பேசும்போது 7,500னு சொன்னதும் "போஸ்ட்ல வேற மாதிரி போட்டிருந்தீங்களே"ன்னு வரும், அதுக்கப்புறம் என்ன விளக்கம் சொன்னாலும் ஏமாத்தின மாதிரிதான் இருக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தை சுத்திதான். பிளேட் ரேட்டும் குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கையும் தனித்தனி தகவல் கிடையாது, ஒண்ணு இல்லாம இன்னொண்ணுக்கு அர்த்தமே இல்ல, அதனால கணக்கு போடும்போதும் சரி டிசைன் பண்ணும்போதும் சரி ரெண்டும் ஜோடியாதான் நடக்கணும். இங்க வர்ற எண் எல்லாம் கணக்கு புரியறதுக்காக வச்ச உதாரணம், உங்க ஊர் காசு, உங்க செலவு எதுவோ அதை போட்டுக்கோங்க.

முதல் ஸ்டெப்: டிசைன் ஆப்பை திறக்காதீங்க, கணக்கை முடிங்க

நிறைய பேர் டெம்ப்ளேட் தேடுறதுல ஆரம்பிச்சு, ஸ்லைடுல காலியா இருக்குற இடத்துக்கு ஏத்த மாதிரி ரேட் யோசிக்கிறாங்க. அது தலைகீழ். முதல்ல ஒரு பேப்பர்லயோ ஷீட்லயோ உங்க செலவை ரெண்டா பிரிங்க. ஒண்ணு, எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு: சமையல் ஆள் கூலி, பரிமாற வர்ற ஆள், வண்டி, பாத்திரம் ஏத்தி இறக்குறது, அன்னிக்கு நாள் முழுக்க போற உங்க நேரம். இன்னொண்ணு, ஆளுக்கு ஆள் ஏறுற செலவு: மளிகை, காய்கறி, தட்டு, டம்ளர், தண்ணி, டிஷ்யூ.

மாறாத செலவு 3,000, ஒரு விசேஷத்துல கையில நிக்க வேண்டிய லாபம் 1,500, ஒரு பிளேட்டுக்கான சாப்பாட்டு செலவு 100னு வச்சுக்குவோம். பிளேட் 250னு வித்தா ஒவ்வொரு பிளேட்லயும் 150 மிஞ்சுது, 4,500 தேறணும்னா 30 பிளேட் போகணும். இதுதான் உங்க குறைஞ்சபட்ச ஆள். அதாவது இந்த எண்ணை பக்கத்து கேட்டரிங்காரர் போட்டிருக்காருன்னு நீங்களும் போடக்கூடாது, அவருக்கு சொந்த வண்டி இருக்கலாம், வீட்டு ஆளுங்களே பரிமாறலாம், அவரோட 20 உங்களுக்கு நஷ்டமா இருக்கும்.

ஷீட்ல போடணும்னா B1ல மாறாத செலவு, B2ல வேணுங்கிற லாபம், B3ல பிளேட்டுக்கு சாப்பாட்டு செலவு, B4ல விக்கிற ரேட் போட்டுட்டு இதை அடிங்க:

```
=ROUNDUP((B1+B2)/(B4-B3),0)
```

ரேட்டை மாத்தி மாத்தி பாருங்க, ரேட் கொஞ்சம் இறங்கினாலே குறைஞ்சபட்ச ஆள் எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரியும். 250க்கு 30 பேர், 200க்கு 45 பேர், 160க்கு 75 பேர். "ரேட்டை கொஞ்சம் குறைச்சு போடு, ஆர்டர் வரும்"னு யாராவது சொன்னா அவங்ககிட்ட இந்த ஷீட்டை காட்டலாம்.

அடுக்கு ரேட் வைக்கும்போது வர்ற ஓட்டை

ஆள் கூட கூட ரேட் குறையுறது எல்லாரும் எதிர்பாக்குறதுதான், அதனால 30 பேருக்கு ஒண்ணு, 50க்கு ஒண்ணு, 75க்கு ஒண்ணுன்னு மூணு அடுக்கு வைப்பீங்க. இங்க ஒரு பெரிய தப்பு நடக்கும். மேல இருக்குற ஃபார்முலாவையே நேரா பிடிச்சுகிட்டு 50 பேருக்கு 190, 75 பேருக்கு 160னு போட்டா என்ன ஆகும்னு பாருங்க. 45 பேர் வர்ற வீட்டுக்கு பில் 11,250. அதே வீடு "50 பேர்னு எழுதிக்கோங்க"ன்னு சொன்னா 9,500. அதிக சாப்பாடு, கம்மி காசு. கணக்கு தெரிஞ்ச ஒரு ஆள் போதும் இதை கண்டுபிடிக்க, 39 பேர்ல இருந்தே 50னு சொல்றதுதான் அவருக்கு லாபம். அதுல தப்பு அவர் மேல இல்ல, உங்க ரேட் கார்டு மேல.

சரி பண்றதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, அடுக்குக்கு அடுக்கு ரேட் இறக்கத்தை சின்னதாக்குங்க: 30 பேர்ல இருந்து 250, 50 பேர்ல இருந்து 225, 75 பேர்ல இருந்து 210. இப்போ 50 பேர் பில் 11,250, இது 45 பேர் பில்லுக்கு சமம், 75 பேர் பில் 15,750, இது 70 பேர் பில்லுக்கு சமம். அதனால உரசல் வர்ற இடம் ஒவ்வொரு அடுக்குலயும் கடைசி நாலு ஆள் மட்டும்தான், 46ல இருந்து 49, 71ல இருந்து 74. ரெண்டாவது, அந்த நாலு ஆளுக்கும் நீங்களே முன்வந்து குறைஞ்ச பில்லை குடுத்துடுங்க. 47 பேர் வந்தா 11,750 கேக்காம 11,250 கேளுங்க. 50 பிளேட் காசுக்கு 47 பிளேட்தான் சமைக்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணும் போகல, அவங்களுக்கும் "மூணு பேரை கூட கூப்பிட்டிருந்தா கம்மியாகியிருக்கும்"ங்கிற எரிச்சல் இல்ல.

ஆள் எண்ணிக்கையை B6ல போட்டா பில் தானா வர்றதுக்கு:

```
=MIN(MAX(B6,30)*250, MAX(B6,50)*225, MAX(B6,75)*210)
```

இதுல 24னு போட்டா 7,500 வரும், அதாவது 30க்கு கீழ போனாலும் 30 பிளேட் காசு. 40னு போட்டா 10,000. 60க்கு 13,500. இந்த ஒரு வரி போன்ல இருந்தா கேக்குறவங்களுக்கு அப்பவே பதில் சொல்லலாம், போஸ்ட்ல இருக்குற கணக்கும் நீங்க வாயால சொல்றதும் ஒண்ணாவே இருக்கும்.

மேல் வரம்பையும் யோசிச்சுடுங்க. சின்ன விசேஷம்னு பேர் வச்சுட்டு 180 பேருக்கு ஆர்டர் வந்தா உங்க அடுப்பும் ஆளும் தாங்காது, கூடுதலா வண்டியும் ஆளும் வேணும், அப்போ மாறாத செலவுன்னு நினைச்ச 3,000மும் மாறிடும். இந்த உதாரணத்துல 100னு நிறுத்திக்குவோம்.

எந்த மெனுவுக்கு எந்த குறைஞ்சபட்சம்

எல்லா மெனுவுக்கும் ஒரே குறைஞ்சபட்சம் போடணும்னு எந்த சட்டமும் இல்ல, போடவும் கூடாது. மூணு மெனு இருக்குன்னு வைங்க. முதல் மெனு மேல போட்ட கணக்கு. ரெண்டாவதுல ஐட்டம் கொஞ்சம் கூட, சாப்பாட்டு செலவு 40 ஏறுது, ஆனா ஆள் அதே ஆள், வண்டி அதே வண்டி, அதனால ஒவ்வொரு அடுக்குலயும் 50 ஏத்தி 300, 275, 260, குறைஞ்சபட்சம் அதே 30. மூணாவதுல வந்த இடத்துலயே சுடச்சுட போட்டு குடுக்குற கவுண்டர் இருக்கு, அதுக்கு தனியா ஒரு மாஸ்டர் வரணும், அந்த கூலி 30 பேர் மேல விழுந்தா ரேட் கண்ணை கட்டும், அதனால அதுக்கு குறைஞ்சபட்சம் 50, ரேட் 340ல ஆரம்பம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 20 பேருக்கு மட்டும் கேக்குறவங்க நிறைய வருவாங்க, அவங்களை "எடுக்கிறதில்ல"ன்னு அனுப்புறதுக்கு முன்னாடி பரிமாற ஆளே இல்லாம கொண்டு வந்து இறக்கிட்டு போற ஒரு மெனுவுக்கு கணக்கு போட்டு பாருங்க. மாறாத செலவு 1,000ஆ இறங்குது, லாபம் 1,000 போதும்னு வச்சா, பேக்கிங்கோட சேர்த்து பிளேட் செலவு 115, ரேட் 215, குறைஞ்சபட்சம் சரியா 20. ஆனா இது வேற சர்வீஸ், இதை மத்த மெனுவோட ஒரே டேபிள்ல போட்டீங்கன்னா "பரிமாறவும் வருவீங்களா 215க்கு"ன்னு கேள்வி வரும். தனி ஸ்லைடு, தனி கலர், மேலயே "இறக்கி வைக்கிறது மட்டும், பரிமாற ஆள் வரமாட்டாங்க"ன்னு ஒரு வரி.

ஸ்லைடு வரிசை

இன்ஸ்டால ஒரு கரோசல்ல 20 படம் வரைக்கும் போடலாம், அதுக்காக 20 போடணும்னு இல்ல. இந்த வேலைக்கு எட்டு போதும்னு நினைக்கிறேன், அதுக்கு மேல போனா ரேட் தேடி வந்தவங்க பாதியில போயிடுவாங்க.

கவர்ல ஒரு நல்ல போட்டோ, ஒரே ஒரு உண்மையான ஜோடி: "30 பேருக்கு, பிளேட் 250". "முதல்"ங்கிற வார்த்தையை ரேட்டுக்கும் ஆளுக்கும் ஒரே நேரத்துல ஒட்டவே ஒட்டாதீங்க, முதல் பாராவுல சொன்ன 6,300 கணக்கு அங்கதான் பிறக்குது. 250னு போட்டா காஸ்ட்லியா தெரியுமேன்னு பயம் வரும், வரட்டும், 210 பாத்து வந்து 250 கேட்டு திரும்பி போறவங்களால உங்க நேரம்தான் போகுது. கீழ சின்னதா "ஆள் கூடினா ரேட் குறையும், தள்ளி பாருங்க"ன்னு போட்டுக்கோங்க, தள்ளுறதுக்கு அதுவே காரணம் ஆயிடும்.

ரெண்டாவது ஸ்லைடு தனியா நிக்கணும். கவரை பாத்து தள்ளாம போனவங்களுக்கு அதே போஸ்ட்டை இன்ஸ்டா மறுபடி காட்டும்போது சில நேரம் ரெண்டாவது படத்துல இருந்து காட்டும், அவங்களுக்கு அதுதான் கவர். "வணக்கம், எங்களை பத்தி"ன்னு அங்க ஒரு ஸ்லைடு போடுறது அந்த வாய்ப்பை வீணடிக்கிறது. அங்க மூணு அடுக்கு ரேட்டை போடுங்க, இடது பக்கம் ஆள், வலது பக்கம் பிளேட் ரேட்:

30 – 49 பேர்: 250
50 – 74 பேர்: 225
75 – 100 பேர்: 210

கவனிங்க, "30+", "50+"னு போடல. பிளஸ் குறி போட்டா 60 பேர் வர்றவங்க 30+ வரியை பாத்துட்டு அதுலயே நின்னுடுவாங்க, அவங்களும் 30க்கு மேலதானே. ரெண்டு பக்கமும் எண் இருந்தா தன்னோட ஆள் எந்த வரியில வருதுன்னு கண்ணு தானா போய் நிக்கும். ஆள் எண்ணிக்கை இடது பக்கம் இருக்குறதுக்கும் காரணம் இருக்கு, விசேஷம் வைக்கிறவங்களுக்கு முதல்ல தெரிஞ்சது எத்தனை பேர்ங்கிறதுதான், தெரிஞ்சதுல இருந்து தெரியாததுக்கு போறது சுலபம்.

மூணு, நாலு, அஞ்சு மூணும் மெனு ஸ்லைடு, ஒண்ணுக்கு ஒரு மெனு. ஐட்டம் பேரை வரிக்கு ஒண்ணா எழுதுங்க, எத்தனை ஐட்டம்னு எண்ணி மேல போடுங்க, ஒரு ஆளுக்கு அளவு கட்டுப்பாடு இருக்குற ஐட்டத்துக்கு பக்கத்துலயே "ஒண்ணு" "ரெண்டு"ன்னு போட்டுடுங்க, பந்தியில தகராறு வர்றது அந்த ஐட்டத்துலதான். ஒவ்வொரு மெனு ஸ்லைடுலயும் கீழ ஒரு பட்டை, அதுல அந்த மெனுவோட மூணு ரேட்டும் ஆளும் திரும்பவும் வரணும். ரெண்டாவது ஸ்லைடுல போட்டாச்சே, எதுக்கு மறுபடின்னு தோணும். வீட்டுல ஒருத்தர் பாத்துட்டு அந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுவாங்க, முழு போஸ்ட் லிங்க் போடுறவங்க கம்மி. ஸ்கிரீன்ஷாட்ல மெனு மட்டும் இருந்து ரேட் இல்லன்னா, குரூப்ல இன்னொருத்தர் "அது பிளேட் 210னு பாத்தேன்"னு சொல்லி முடிச்சுடுவாங்க. அதே காரணத்துக்காக உங்க கடை பேரும் அக்கவுண்ட் பேரும் "இந்த ரேட் இந்த தேதி வரைக்கும்"ங்கிற வரியும் ரேட் இருக்குற எல்லா ஸ்லைடுலயும் இருக்கணும். தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட் வருஷம் கழிச்சும் உங்க முன்னாடி வந்து நிக்கும்.

மூணாவது மெனுவுக்கு 30–49 வரியை சும்மா விட்டுடாதீங்க, அங்க ஒரு கோடு போட்டு "50 பேர்ல இருந்து மட்டும்"னு எழுதுங்க. காலியா விட்டா போட மறந்துட்டாங்கன்னு நினைச்சு 35 பேருக்கு ரேட் கேட்டு மெசேஜ் வரும்.

ஆறாவது, இறக்கி வைக்கிற மெனு, மேல சொன்ன மாதிரி வேற கலர்ல.

ஏழாவதுதான் நிறைய பேர் விட்டுடுற ஸ்லைடு, என்னை கேட்டா கவருக்கு அடுத்து முக்கியமானது இதுதான். ஒரு மாதிரி பில்லும் ஆள் எண்ணிக்கை விதியும். "40 பேர் × 250 = 10,000. இதுல சமையல், பரிமாறுறது, தட்டு டம்ளர் அடக்கம். தூரம் கூடினா வண்டி வாடகை தனி. வரி தனி" இப்படி. வரி ரேட்டுக்குள்ள இருக்கா வெளிய இருக்கான்னு சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா கேக்குறவங்க உள்ள இருக்குன்னுதான் எடுத்துப்பாங்க. அடுத்து நாலு விதி, சின்ன சின்ன வரியா. 30க்கு கீழ வந்தாலும் 30 பிளேட் கணக்கு, மிச்சம் பேக் பண்ணி குடுத்துடுவோம். 46–49, 71–74 பேர்னா எது குறைஞ்ச பில்லோ அது. குழந்தைங்க எப்படி கணக்கு, உதாரணமா குறிப்பிட்ட வயசுக்கு கீழ ரெண்டு பேருக்கு ஒரு பிளேட், அந்த கணக்கு குறைஞ்சபட்சத்துக்குள்ளயும் அப்படியே வருமா வராதான்னு சேர்த்து. கடைசி ஆள் எண்ணிக்கையை 3 நாள் முன்னாடி சொல்லிடணும், அதுக்கப்புறம் கூட்டலாம், குறைக்க முடியாது.

குழந்தை கணக்கை லேசா எடுத்துக்காதீங்க. 24 பெரியவங்க, 12 குழந்தைங்கன்னா அவங்க மனசுல 36 பேர், உங்க கணக்குல 24 கூட்டல் 6, சரியா 30. இதுவே 10 குழந்தைங்கன்னா உங்க கணக்குல 29தான், குறைஞ்சபட்சத்துக்கு கீழ, அவங்களுக்கோ 34 பேர். இந்த இடத்துலதான் "நாங்க 30க்கு மேலதானே வந்தோம்"னு பேச்சு ஆரம்பிக்கும், ஸ்லைடுல எழுதியிருந்தா அங்கயே முடிஞ்சுடும்.

எட்டாவது, ஆர்டர் பண்ண என்ன அனுப்பணும்: தேதி, நேரம், இடம், பெரியவங்க எத்தனை, குழந்தைங்க எத்தனை, எந்த மெனு. "மேலும் விவரங்களுக்கு தொடர்பு கொள்ளவும்"னு மட்டும் போட்டா "ஹாய்", "ரேட்?"னு தான் மெசேஜ் வரும்.

அளவு, எழுத்து, ஓரம்

எல்லா ஸ்லைடும் ஒரே அளவு, 1080க்கு 1350 பிக்சல். ப்ரொஃபைல் கிரிட்ல இப்போ படம் 3:4 விகிதத்துல தெரியுது, இந்த அளவுல போட்டா கவரோட ரெண்டு ஓரத்துலயும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும், அதனால ஓரத்துல இருந்து 80 பிக்சல் உள்ள தள்ளியே எழுத்து எல்லாம் இருக்கட்டும். 250னு எழுதுனது கிரிட்ல 25னு தெரிஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. வலது மேல் மூலையில 1/8னு எண் வந்து உக்காரும், அங்க ரேட்டையோ லோகோவையோ வைக்காதீங்க.

போன் ஸ்கிரீன்ல படம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா சுருங்கும், டிசைன் பண்ணும்போது 36 சைஸ்ல இருக்குற எழுத்து கையில 12 மாதிரிதான் இருக்கும். அதனால எந்த எழுத்தும் 36க்கு கீழ போகக்கூடாது, குறைஞ்சபட்ச ஆள் வரியும் அதுல சேர்த்திதான். ரேட் 120 சைஸ்ல இருக்கும்போது ஆள் எண்ணிக்கை 30 சைஸ்ல இருந்தா நீங்க மறைக்கப் பாக்குறீங்கன்னுதான் அர்த்தம் ஆகும், ரேட்டோட பாதி சைஸாவது ஆள் எண்ணுக்கு குடுங்க.

தமிழ் எழுத்துல இன்னொரு சிக்கல், வார்த்தை நீளம். "குறைந்தபட்ச விருந்தினர் எண்ணிக்கை"ன்னு எழுதினா அதுவே ஒரு வரியை சாப்பிட்டுடும், "30 பேர்ல இருந்து"ன்னா முடிஞ்சது வேலை. ரொம்ப தடிமனான ஃபாண்ட்ல ண, ஞ, ணு மாதிரி சுழி இருக்குற எழுத்து அடைச்சுக்கும், நடுத்தர தடிமன் போதும், `Noto Sans Tamil`, `Mukta Malar` ரெண்டும் சின்ன சைஸ்லயும் படிக்க வரும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைக்கிறதை விட கொஞ்சம் கூட வைங்க, இல்லன்னா மேல் வரியோட கால் கீழ் வரியோட கொம்புல இடிக்கும். எழுத்து இருக்குற ஸ்லைடை பிஎன்ஜியா சேவ் பண்ணுங்க, ஜேபெக்னா எழுத்து ஓரம் கொஞ்சம் அழுக்கா தெரியும்.

ஒரு போட்டோ ரெண்டு ஸ்லைடுக்கு நடுவுல பாதி பாதியா ஓடுற டிசைன் அழகுதான், ஆனா ரேட் ஸ்லைடுல வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்ல பாதி தட்டுதான் வரும்.

போடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

உங்க தொழிலோட சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட போன்லயே காட்டி, ஒரே கேள்வி கேளுங்க: "முதல் மெனு, 40 பேருக்கு எவ்வளவு ஆகும்?" நீங்க எதுவும் விளக்காதீங்க, அவங்களே தள்ளி பாக்கட்டும். 10,000னு சொன்னா சரி. தப்பா சொன்னா அந்த எண்ணே கோளாறு எங்கன்னு சொல்லிடும். 8,400னு வந்தா அவங்க 210ஐ பிடிச்சுகிட்டாங்க, எங்கயோ குறைஞ்ச ரேட் பெருசா தெரியுது. 9,000னு வந்தா பக்கத்து அடுக்கை படிச்சிருக்காங்க, ரெண்டாவது ஸ்லைடுல வரிகளுக்கு நடுவுல இடைவெளி பத்தல இல்லன்னா ஆள் எண் சின்னதா இருக்கு. 8,600னு வந்தா இறக்கி வைக்கிற மெனு ரேட்டை எடுத்திருக்காங்க, ஆறாவது ஸ்லைடு கலர் இன்னும் வித்தியாசமா இருக்கணும். அடுத்து "24 பேருக்கு?"ன்னு கேளுங்க, 6,000னு சொன்னா குறைஞ்சபட்ச விதி கண்ணுல படவே இல்ல, 7,500 வர்ற வரைக்கும் ஏழாவது ஸ்லைடை மாத்துங்க.

கேப்ஷனும் அதுக்கப்புறமும்

படத்துல இருக்குற ரேட்டை ஸ்கிரீன் ரீடர் வச்சிருக்குறவங்களால படிக்க முடியாது, தேடுறவங்களுக்கும் அது சரியா மாட்டாது, அதனால அதே மூணு வரி ரேட் டேபிளை கேப்ஷன்லயும் எழுத்தா போடுங்க. கேப்ஷன்ல முதல் வரி மட்டும்தான் விரிக்காம தெரியும், அங்க கவர்ல இருக்குற அதே ஜோடி வரட்டும், கவிதை எல்லாம் கீழ வச்சுக்கலாம்.

போட்டு ரெண்டு வாரம் வர்ற மெசேஜை கவனிங்க. எல்லாரும் "ரேட் என்ன"ன்னே கேட்டா ரெண்டாவது ஸ்லைடு வரைக்கும் யாரும் வரல, கவர்ல தள்ள சொல்ற வரி வேலை செய்யல. "15 பேருக்கு பண்ணுவீங்களா"ன்னு திரும்ப திரும்ப வந்தா ஆள் எண்ணிக்கை கண்ணுல படல, இல்லன்னா உங்க பக்கத்துல அந்த அளவுக்குதான் தேவை இருக்கு, அப்போ இறக்கி வைக்கிற மெனுவுக்கு தனி போஸ்ட்டே போடலாம். "47 பேர் வருவோம், 11,250தானே"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சுன்னா ஏழாவது ஸ்லைடு வரைக்கும் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ரேட் ஏறும்போது ஒரு விஷயம். போட்ட கரோசல்ல ஸ்லைடை நீக்கலாம், கேப்ஷனை திருத்தலாம், ஆனா ஒரு படத்தை எடுத்துட்டு அதே இடத்துல புது ரேட் போட்ட படத்தை வைக்க முடியாது. கேப்ஷன்ல மட்டும் 265னு மாத்திட்டு படத்துல 250 இருக்க விட்டா ரெண்டு ரேட் ஒரே போஸ்ட்ல நிக்கும், கேக்குறவங்க எப்பவும் படத்துல இருக்குற கம்மி ரேட்டைதான் பிடிச்சுப்பாங்க. புது கரோசலை போட்டு அதை ப்ரொஃபைல் மேல பின் பண்ணிட்டு, பழசை டெலீட் பண்ணாம ஆர்க்கைவ்ல தள்ளிடுங்க. பழைய ரேட்ல ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்தவங்க கேட்டா எந்த தேதி வரைக்கும் எந்த ரேட்னு எடுத்து காட்ட அது இருக்கும், வெளிய யாருக்கும் தெரியாது.